கல்லும் கணக்கும்

ஒரு பொருள் தன் ஊர்ப் பெயரால் விலைபோகும்போது, அப்பெயரைத் திருடுவோரும் தோன்றுவர். அதைத் தடுக்கப் போர்த்துகல் நாடு 1756இல் மேற்கொண்ட முயற்சியை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் திராட்சை மது, 'போர்ட்' என்னும் பெயரால் இங்கிலாந்தில் மிகுதியாக விற்றது. ஆசை மிக்க சிலர் அதில் வேற்றிடத்து மதுவைக் கலந்தனர். நிறம் கூட்ட எல்டர் என்னும் செடியின் கனிச்சாற்றையும் சேர்த்தனர். நம்பிக்கை குலைந்தது, விலை வீழ்ந்தது. அமைச்சர் பொம்பல் ஒரு கம்பெனியை நிறுவி எல்லை வகுத்தார். 1761க்குள் 335 கருங்கல் தூண்கள் நடப்பெற்றன. எல்டர் செடிகளை வேரோடு பிடுங்கவும் ஆணை பிறந்தது.

ஆனால், கல் நிலத்தைக் காட்டுமேயன்றிப் பீப்பாயினுள் இருப்பதைக் காட்டாது. ஆகவே தோட்டந்தோறும் விளைச்சல் பதியப்பட்டது. சுவை தேர்ந்தோர் தரம் பிரித்தனர். தேறிய மதுவுக்கே ஏற்றுமதிச் சீட்டுக் கிடைத்தது. நூறு பீப்பாய் பதிந்த தோட்டத்தின் பெயரால் நூற்றிருபது வந்தால், இருபது பொய்யெனக் கணக்கே சொல்லிவிடும்.

இதிலும் ஓட்டை இருந்தது. பிற்காலத்தில் சிலர் சீட்டை மட்டும் விற்றனர். அதைக் காட்டி வேற்று மது கப்பலேறியது. எண்ணிக்கை பொருந்தியது, பொருள் பொருந்தவில்லை.

நம் நாட்டில் 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. அங்கும் தோட்டத்தில் விளைந்த எடையும் விற்ற எடையும் ஒப்பிடப்படுகின்றன. எல்லை, கணக்கு, சோதனை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னாலன்றி, ஊர்ப் பெயர் வெறும் எழுத்தே.