ஒரு சக்கரம் மட்டும் ஏன் இவ்வளவு சூடு?

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு வர்றீங்க. தாப்பா ஓய்வுப் பகுதியில் காரை நிறுத்தி இறங்கினால், லேசா ஒரு கருகல் வாடை. என்ன பார்க்கணும்?

ஒவ்வொரு சக்கரத்தின் ரிம் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்க. தொட வேண்டாம், சுட்டுவிடும். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சூடாக இருப்பது இயல்பு. பிரேக் வேலையில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். அதனால் முன் இடதை முன் வலதோடு மட்டும் ஒப்பிடுங்கள். கேமரன் மலையிலிருந்து இறங்கிய கையோடு பார்த்தால் எல்லாமே கொதிக்கும்; வித்தியாசம் தெரிவது கஷ்டம்.

இடது சாதாரணமாக இருக்க, வலது மட்டும் அனல் வீசினால், அந்தப் பக்கத்துக் கேலிப்பர் சிக்கியிருக்கலாம். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கிறது. கார் அந்தப் பக்கமாக இழுக்கிறதா என்றும் கவனியுங்க. 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் பேரிங்கையும் சந்தேகிக்கணும். சூடானது பின்சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் சரியாக விடுபடாமலும் இருக்கலாம்.

தண்ணீர் மட்டும் ஊற்றாதீங்க. சூடான டிஸ்க் வளையலாம், விரிசலும் விடலாம். அப்படியே ஓட்டினால் பிரேக் எண்ணெய் கொதித்து, பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். இழுவை வண்டியைக் கூப்பிடுவதே நல்லது.

வோர்க்‌ஷாப்பில் உடனே புதுக் கேலிப்பருக்குத் தலையாட்டாதீங்க. சக்கரம் இறுகியிருக்கும்போதே காற்று எடுக்கும் திருகைத் தளர்த்தச் சொல்லுங்க. சக்கரம் சட்டென்று சுற்றினால், அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் உட்புறம் வீங்கிய பிரேக் ஹோஸ்தான் காரணம். அப்படியும் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டனோ, துருப்பிடித்த ஸ்லைடு பின்னோ சிக்கியிருக்கிறது. பின் மட்டும் என்றால், சுத்தம் செய்து கிரீஸ் போட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.