6 வாரமாகியும் எக்ஸ்ரேவில் விரிசல் தெரியுதா? எலும்பு கூடியதை டாக்டர்கள் கண்டுபிடிப்பது எப்படி?

பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு உடைந்து, உள்ளே ராடு வைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 6-வது வார எக்ஸ்ரேவில் விரிசல் அப்படியே இருக்கிறது. 'இன்னும் சேரவே இல்லையா?' என வீட்டில் பதறுவார்கள். ஆனால் டாக்டர் தேடுவது, விரிசலைச் சுற்றி பஞ்சு போலப் படரும் வெண்மையை. இதுதான் 'காலஸ்', அதாவது புது எலும்பு.

உடைந்த இடத்தில் முதலில் உருவாவது குருத்தெலும்பு போன்ற மென்மையான திசு. கால்சியம் படிந்தால்தான் அது எக்ஸ்ரேவில் தெரியும். அதனால் படம் எப்போதுமே கொஞ்சம் லேட்தான்!

எலும்பை முன்பக்கம், பக்கவாட்டு என இரண்டு கோணத்தில் படம் எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஓரம், மொத்தம் நான்கு. அதில் மூன்று ஓரங்களிலாவது காலஸ் பாலம் போல இணைந்திருந்தால், எலும்பு கூடிவிட்டதாகப் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். படம் மட்டும் போதாது. அழுத்தினாலோ, காலை ஊன்றி நடந்தாலோ வலி இருக்கக் கூடாது. விரிசல் முழுசா மறைய இன்னும் பல மாதங்கள் ஆகலாம்.

பிளேட் வைத்து இறுக்கமாகப் பொருத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே அசைவே இல்லாததால் காலஸ் பெரிதாக வராது, கோடு மெல்ல மங்கும். திடீரென காலஸ் வந்தால், பிளேட் தளர்ந்திருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார்.

அடுத்தடுத்த படங்களில் மாற்றமே இல்லை, வலியும் குறையவில்லை, ஸ்க்ரூ உடைந்திருக்கிறது என்றால் உஷாராக வேண்டும். 9 மாதமாகியும் கூடாமல், கடைசி 3 மாதத்தில் முன்னேற்றமும் இல்லையென்றால் 'எலும்பு கூடவில்லை' என்று கருதி, மறு ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள்.