நான்கு மணி நேர இடைவெளி: பிரசவ அறைக் குறிப்புகள் பார்ட்டோகிராம் ஆன வரலாறு

மலேசியாவின் பீடோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வலியோடு வரும் பெண்ணைப் பொறுத்தவரை, தாதிக்கு முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: இங்கேயே பார்ப்பதா, தெலுக் இந்தானுக்கோ ஈப்போவுக்கோ அனுப்புவதா? பார்ட்டோகிராம் என்ற ஒற்றைத் தாளின் வரலாறு, இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறே என்பது இக்கட்டுரையின் கருத்து.

கோடுகள் பிறந்த விதம்

1954-இல் நியூயார்க்கின் இமானுவேல் ஃப்ரீட்மன், கருப்பை வாய் விரியும் அளவை மணிக்கணக்குக்கு எதிராக வரைபடமாக்கினார். அதற்கு முன் பிரசவக் குறிப்புகள் வாக்கியங்களாகவே இருந்தன. 'முன்னேற்றம் உண்டு' என்று எழுதினால், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு என்பது தெரியாது. ஃப்ரீட்மன் வளைகோட்டை வரைந்தாரே தவிர, எப்போது கவலைப்பட வேண்டும் என்ற எல்லையை அந்தத் தாளில் இடவில்லை.

அதை இட்டவர்கள் ரொடீசியாவில் பணியாற்றிய ஃபில்பாட்டும் காஸலும். சுற்றுப்புறக் கிளினிக்குகளில் மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்தார்கள். அறுவைச் சிகிச்சையோ மைய மருத்துவமனையில்தான். 1972-இல் அவர்கள் மணிக்கு 1 செ.மீ. விரிவைக் காட்டும் எச்சரிக்கைக் கோட்டையும், அதற்கு 4 மணி நேரம் வலப்பக்கமாகச் செயல் கோட்டையும் வரைந்தார்கள். முதல் கோட்டைத் தாண்டினால் பெண்ணை மைய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவதைத் தொட்டால் மருத்துவர் தலையிட வேண்டும். இடையிலுள்ள 4 மணி நேரம், பயணத்துக்கும் மறுபரிசோதனைக்கும் விட்ட அவகாசம்.

மலேசியாவில் சோதனை

உலகச் சுகாதார நிறுவனம் இந்த இரு கோட்டு முறையைத் தன் தாளாக்கி, 1990-91-இல் இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் 35,484 பெண்களிடம் சோதித்தது. 1994-இல் வெளியான முடிவின்படி, 18 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பிரசவங்கள் 6.4 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகவும், மருந்து கொடுத்து வலியைக் கூட்டியது 20.7-லிருந்து 9.1 ஆகவும் குறைந்தன. தாளோடு கையாளும் விதிமுறையும் பயிற்சியும் சேர்ந்தே அறிமுகமாயின. ஆகவே பலன் கோட்டுக்கு மட்டும் உரியதன்று.

குறிப்புகளை அடுக்குதல்

ஓர் உதாரணக் கணக்கு. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணின் குறிப்புகள் இப்படி இருக்கின்றன என்று கொள்வோம்: காலை 8 மணிக்கு விரிவு 4 செ.மீ., பத்து நிமிடத்தில் மூன்று வலி, ஒவ்வொன்றும் சுமார் 30 வினாடி, சிசுவின் துடிப்பு 140. நண்பகல் 12 மணிக்கு விரிவு 6 செ.மீ., வலி மூன்று, சுமார் 45 வினாடி, துடிப்பு 136.

முதலில் நேர அச்சை அமைக்க வேண்டும். 8 மணிக்கான 4 செ.மீ. 'எக்ஸ்' குறி எச்சரிக்கைக் கோட்டின் மேலேயே விழும். 12 மணிக்கு அந்தக் கோடு 8 செ.மீ. காட்டும்; பெண்ணோ 6-இல் இருக்கிறாள். 6 செ.மீ. வந்திருக்க வேண்டிய நேரம் 10 மணி. எனவே குறி 2 மணி நேரம் வலப்பக்கம் போய்விட்டது. செயல் கோட்டுக்கு மீதம் 2 மணி நேரம். விரிவு வரைபடத்தின் கீழே, பத்து நிமிட வலிகளின் எண்ணிக்கைக்கு மூன்று கட்டங்கள்: 20 முதல் 40 வினாடி வரையிலான வலிக்குச் சாய்கோடு, 40-ஐத் தாண்டினால் முழுக் கறுப்பு. வலி வலுத்தும் வாய் மெதுவாகவே விரிகிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். மேல்வரிசையில் அரை மணிக்கொரு புள்ளியாகத் துடிப்பு. இத்தனையும் வெவ்வேறு பக்கங்களில் கிடந்தால் இந்த முடிவு எட்டாது. சிறிய ஊரில் இவளை அப்போதே அனுப்ப வேண்டும்.

எங்கே தவறும்?

சந்தேகப்பட வேண்டிய முதல் தாள், பிரசவம் முடிந்தபின் நிரப்பியது. துடிப்பு எல்லா இடத்திலும் 140, நேரம் எல்லாம் சரியாக அரை மணி, ஒரே மையில் ஒரே கையெழுத்து என்றிருந்தால், பார்த்து எழுதியதாக நம்ப முடியாது. அடுத்தது விரலளவு: இரண்டு பேர் சோதித்தால் 1 செ.மீ. வேறுபடுவது இயல்பு. கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதையே அந்த ஒரு செ.மீ. மாற்றிவிடும். முடிந்தவரை ஒருவரே தொடர்ந்து சோதிப்பது நல்லது. மூன்றாவது, உண்மையான பிரசவ வலி தொடங்குமுன்னரே வரையத் தொடங்குவது. தாமதம் பொய்யாகத் தோன்றும்.

கோடுகள் போன பின்

2018-இல் உலகச் சுகாதார நிறுவனம், மணிக்கு 1 செ.மீ. என்ற வேகம் சில பெண்களுக்குப் பொருந்தாது என்று அறிவித்தது. தீவிர நிலை 5 செ.மீ.யில் தொடங்குவதாக வகுத்தது. 2020-இல் வந்த புதிய வழிகாட்டித் தாளில் சாய்ந்த கோடுகள் இல்லை, ஒவ்வொரு செ.மீ.க்கும் தனி அவகாசம் உண்டு. 6 செ.மீ.யில் 5 மணி நேரம் நின்றால்தான் எச்சரிக்கை. மேற்கண்ட பெண்ணுக்குப் பழைய தாள் நண்பகலிலேயே எச்சரித்தது. புதிய தாளோ மாலை 5 மணி வரை பொறுக்கும். அவசியமற்ற சிசேரியனைக் குறைக்க இது உதவும். ஆனால் அந்தக் கணக்கில் பயண நேரம் இல்லை. தொலைவான கிளினிக்குகள் புதிய தாளை ஏற்கும்போது, அனுப்பும் நேரத்தை அவகாசத்திலிருந்து கழித்து, தங்கள் ஊருக்கான எல்லையைத் தாங்களே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.