பிரித்துப் போட்டும் ஏன் நட்டம்? 2022 ஏப்ரல் சொல்லும் கணக்கு



காசை ஒரே இடத்தில் போடாதே என்று மூத்தோர் சொன்னதைக் கேட்டு, பங்கு, வங்கி வைப்பு, வளவு என்று பிரித்துத்தான் போட்டோம். 2022இல் மூன்றுமே எங்களைக் கைவிட்டன.

சாதாரண காலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. ஒரு கம்பனியின் இலாபம் குறைந்தால் மருதமுனையில் வளவு விலை அசையாது. ஆனால் அந்த வருடம் எல்லாவற்றையும் ஆட்டியது ஒரே காரணம்: நாட்டில் டொலர் இல்லை.

மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. 10 இலட்சம் ரூபாய் வைப்பு 5,000 டொலரிலிருந்து ஏறத்தாழ 2,800 டொலராகியது. வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை!

ஏப்ரல் 8இல் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. கடனுக்குப் பங்கு வாங்கியவர் என்ன செய்வார்? விற்க விரும்புவதை அல்ல, விற்கக் கூடியதை விற்பார். அதனால் நல்ல கம்பனிப் பங்கும் கெட்டதோடு சேர்ந்து விழும். ஜனவரியில் 13,000க்கு மேல் நின்ற கொழும்புச் சுட்டெண், ஏப்ரல் முடிவில் 8,000க்குக் கீழ். இடையில் ஒரு வாரம் சந்தையே மூடிக்கிடந்தது. வளவுக்கு விலை சொல்லலாம். கையில் காசோடு வருபவர் இல்லை.

பவுன் மட்டும் ஏறியது, அதன் விலை டொலரோடு கட்டப்பட்டதால்.

2004இல் கடற்கரையில் வீடு, தறி, தோணி என்று மூன்று சொத்து வைத்திருந்தவர்களை நினைக்கிறோம். மூன்றும் நின்றது ஒரே கடலுக்கு முன்னால்.