டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன இருக்க வேண்டும்? வீட்டுக்குக் கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

மருத்துவமனையிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியை நம்மில் பலரும் இன்சூரன்ஸுக்கான தாள் என்றே நினைக்கிறோம். பில்லோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிடுகிறோம். உண்மையில் அது இரண்டு பேருக்கு எழுதப்படும் கடிதம். ஒருவர், அடுத்து நோயாளியைப் பார்க்கப்போகும் டாக்டர். மற்றவர், வீட்டில் மாத்திரை எடுத்துக்கொடுக்கப்போகும் மகனோ மகளோ. இந்த இருவருக்கும் புரியாத சம்மரி எத்தனை பக்கம் இருந்தாலும் பயனில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 64 வயதுப் பெண்மணி ஒருவர். பல வருடங்களாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மூச்சுத்திணறலும் கால் வீக்கமும் வந்து சேர்க்கப்படுகிறார். எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் குறைந்திருப்பது தெரிகிறது. இதை இதயச் செயலிழப்பு என்பார்கள். இதயம் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. பம்ப் செய்யும் வேகம் குறைந்து உடலில் நீர் தேங்குகிறது என்பதே பொருள். ஆறு நாள் சிகிச்சையில் நீர் இறங்கி, ஆகஸ்ட் 5ஆம் தேதி வீடு திரும்புகிறார்.

அவருடைய சம்மரியின் கடைசிப் பகுதி இப்படி இருக்கலாம்: "நிலைமை சீராக உள்ளது. மருந்துகளைத் தொடரவும். தேவைப்பட்டால் வரவும்." எந்த மருந்துகளை? வீட்டில் இருப்பதையா, இங்கே கொடுத்ததையா? எப்போது தேவைப்படும் என்று வீட்டாருக்கு எப்படித் தெரியும்? இந்த மூன்று வரிகளில் அதற்குப் பதில் இல்லை.

மருந்துப் பட்டியல்: எது மாறியது, ஏன்?

நல்ல சம்மரியில் மருந்துகள் மூன்று பிரிவாக இருக்கும்: புதிதாகச் சேர்த்தவை, பழையபடி தொடர்பவை, நிறுத்தியவை. நம் உதாரணத்தில் இப்படி எழுதலாம்.

புதியவை: ஃப்யூரோசமைட் 40 மி.கி. காலையில் ஒன்று, நீர் இறங்க. ராமிப்ரில் 2.5 மி.கி., மெட்டோபிரோலால் 25 மி.கி., ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. ஆகியவை இதயத்துக்கு.

தொடர்பவை: மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று.

நிறுத்தியவை: அம்லோடிபின். புதிய மருந்துகளே இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதாலும், இம்மாத்திரையே சிலருக்குக் கால் வீக்கம் தரும் என்பதாலும். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக். இது உடலில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

மூன்றில் பெரும்பாலும் விடுபடுவது நிறுத்தியவற்றின் பட்டியல்தான். அது இல்லாவிட்டால் வீட்டு டப்பாவில் மிச்சமிருக்கும் அம்லோடிபின் புதிய மாத்திரைகளோடு சேர்ந்து உள்ளே போகும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார். முழங்கால் வலி வந்தால் பழைய மாத்திரையையே கேட்பார். ஒரு வாரத்தில் கால் மறுபடி வீங்கும். காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான், ஊரில் பார்க்கும் டாக்டர் நிறுத்திய மருந்தைத் தெரியாமல் மறுபடி தொடங்க மாட்டார்.

இன்னொன்று. கம்பெனிப் பெயரை மட்டும் எழுதாமல் மருந்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஒரே மருந்து பல பெயர்களில் விற்கிறது. வீட்டில் ஒரு பெயரிலும் புதிதாக வாங்கியதில் வேறு பெயரிலும் இருந்தால், ஒரே மருந்தை இரண்டு மடங்கு கொடுத்துவிடுவோம். 1-0-1 என்று எழுதியிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று பொருள்.

அடுத்த டாக்டருக்கு

ராமிப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் சேரும்போது இரத்தத்தில் பொட்டாசியம் கூடலாம். மிக அதிகமானால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆனால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலும் இருக்கலாம். எனவே சுமார் ஒரு வாரத்திலும், பிறகு ஒரு மாதத்திலும் இரத்தப் பரிசோதனை அவசியம். சம்மரியில் "ஆகஸ்ட் 12 அன்று பொட்டாசியம், கிரியேட்டினின் பார்க்கவும். கிளம்பும்போது பொட்டாசியம் 4.4, கிரியேட்டினின் 1.2" என்று இருந்தால் ஊர் டாக்டருக்கு ஒப்பிட ஓர் எண் கிடைக்கிறது. பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் யாரை அழைப்பது என்பதையும் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

முடிவு வராத பரிசோதனைகளையும் பார்க்க வேண்டும். தைராய்டுக்கு இரத்தம் எடுத்திருப்பார்கள். முடிவு வரும் முன்னே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். "தைராய்டு முடிவு வரவில்லை, ஆகஸ்ட் 16 அன்று வரும்போது பார்க்கப்படும்" என்ற ஒரு வரி இல்லையென்றால், அந்த முடிவு லேபிலேயே கிடந்துவிடும்.

வீட்டாருக்கு

இந்த நோயில் வீட்டாருக்கு மிக முக்கியமான எண், கிளம்பும் நாளின் எடை. 61.4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை அல்ல, நீர். அன்றே டாக்டரை அழைக்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுவதும் கூடுதல் தலையணை தேவைப்படுவதும் அதே எச்சரிக்கைதான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறினால், நெஞ்சு வலித்தால், மயங்கினால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

உணவில் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். உடனே சிலர் கடையில் "சோடியம் குறைந்த உப்பு" வாங்குகிறார்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது; மேலே சொன்ன இரு மருந்துகளோடு அது ஆபத்து. இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். அடிக்கடி குடிப்பவராக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரமலான் நெருங்கும் காலமாக இருந்தால், நோன்பு வைக்கலாமா என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுச் சம்மரியில் எழுதி வாங்குங்கள். நீர் இறங்கும் மாத்திரையோடு பகல் முழுவதும் தண்ணீர் இல்லாமல் இருப்பது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். காலை மாத்திரையை நாமாக ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றுவதும், நோன்புக்காக நிறுத்துவதும் கூடாது.

கிளம்பும் முன்

பில் கட்டும் அவசரத்தில் இதையெல்லாம் கேட்க முடியாது. முந்தைய நாளே வீட்டு மாத்திரை டப்பாவைக் கொண்டுபோய், டாக்டரிடமோ நர்ஸிடமோ ஒவ்வொன்றையும் காட்டி, தொடர வேண்டியதையும் நிறுத்த வேண்டியதையும் பிரித்து வாங்குங்கள். பிறகு கேட்க வேண்டியவை நான்கு: அடுத்த இரத்தப் பரிசோதனை எந்தத் தேதி? எந்த முடிவு இன்னும் வரவில்லை? எந்த அறிகுறிக்கு எந்த எண்ணில் அழைப்பது? எந்த டாக்டரை, எப்போது பார்ப்பது? இந்த நோய்க்கு முதல் சந்திப்பு ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்குள் இருப்பது நல்லது. சம்மரி ஆங்கிலத்தில் இருந்தால், மாத்திரை அட்டவணையையும் எச்சரிக்கை அறிகுறிகளையும் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரக் கேளுங்கள்.

சம்மரி தொலைந்தாலோ குறையாக இருந்தாலோ எழுத்து மூலம் கேட்கலாம். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. கிடைத்ததும் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். நள்ளிரவில் வேறொரு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.