உடல்நலம், கனவு, ஜோதிடக் காணொலிகள்: பொறுப்புத் துறப்பு வாசகம் எப்படி இருக்க வேண்டும்?

வீட்டு மருத்துவம், கனவுப் பலன், ராசி பலன் குறித்த காணொலிகள் பலவற்றில் 'இது தகவலுக்காக மட்டுமே' என்ற ஒற்றை வரி இடம்பெறுகிறது. எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை அந்த வரி பார்வையாளருக்குச் சொல்வதில்லை. தெளிவான பொறுப்புத் துறப்பு வாசகத்தை எழுதுவது எப்படி என்பதை இங்கே காணலாம்.

விதிமுறை என்ன?

தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டுதல்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்டது. அதன்படி, பொறுப்புத் துறப்பு ஒரு கூற்றை விளக்கலாம். அதற்கு வரம்பு விதிக்கலாம். ஆனால், முதன்மைக் கூற்றுக்கு முரணாக இருக்கக் கூடாது. தவறான கூற்றைத் திருத்தும் கருவியாகவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. கூற்று எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில், எளிதில் படிக்கும்படி அது இருக்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, உடல்நலம் குறித்துப் பேசும் பிரபலங்களுக்கும் சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கும் கூடுதல் வழிகாட்டுதல்களை அறிவித்தது. தாங்கள் கூறுவது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றல்ல என்பதை அவர்கள் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். தண்ணீர் அருந்துங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் போன்ற பொதுவான அறிவுரைகளுக்கு இது பொருந்தாது.

ஓர் எடுத்துக்காட்டு

'வெந்தய நீர் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும்' என்ற தலைப்பில் ஒரு காணொலி வெளியாவதாகக் கொள்வோம். அதன் இறுதியில் 'மருத்துவரை அணுகவும்' என்று எழுதினாலும் பயனில்லை. நோய் குணமாகும் என்று தலைப்பு கூறுகிறது. வாசகம் அதற்கு எதிராக நிற்கிறது. எனவே, முதலில் திருத்த வேண்டியது தலைப்பைத்தான். 'சர்க்கரை நோயாளிகள் வெந்தயம் சாப்பிடலாமா?' என்று மாற்றிய பிறகே வாசகம் எழுத வேண்டும்.

நல்ல வாசகத்தில் மூன்று செய்திகள் இருக்கும். சொல்லப்படுவது எத்தகைய தகவல், அதன் எல்லை எது, யார் என்ன செய்யக் கூடாது என்பவையே அவை. மேற்கண்ட காணொலிக்கு இவ்வாறு எழுதலாம்:

*'இது வெந்தயம் பற்றிய உணவுத் தகவல். இது சர்க்கரை நோயைக் குணப்படுத்தாது. இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் மருந்தை நிறுத்தவோ, அளவைக் குறைக்கவோ வேண்டாம். மருத்துவரிடம் கேட்ட பிறகே வெந்தயத்தைத் தொடர்ந்து எடுக்கவும்.'*

வெந்தயத்தில் உள்ள நார்ச்சத்து, உணவிலிருந்து சர்க்கரை உறிஞ்சப்படும் வேகத்தைக் குறைக்கக்கூடும். மருந்துடன் சேரும்போது சிலருக்கு ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ வாய்ப்புண்டு. கடைசி வரி இந்த அபாயத்தைக் கருதியே சேர்க்கப்படுகிறது. 'மருத்துவரை அணுகவும்' என்ற பொதுவான சொற்கள் இதை உணர்த்துவதில்லை.

கனவு, ஜோதிடம்

கனவில் பல் விழுந்தால் குடும்பத்தில் இழப்பு நேரும் என்பது போன்ற பலன்கள் பார்ப்பவரை அச்சுறுத்தக் கூடியவை. இங்கு நம்பிக்கையை நம்பிக்கை என்றே குறிப்பிட வேண்டும்: *'இவை வழிவழியாகச் சொல்லப்படும் கனவுப் பலன்கள். கனவு வரப்போவதைக் காட்டும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. அச்சமூட்டும் கனவுகளால் தூக்கம் தொடர்ந்து கெட்டால் மருத்துவரிடம் கூறவும்.'*

ராசி பலனுக்கும் இதே முறை பொருந்தும். 'ஜோதிட நம்பிக்கையின் அடிப்படையிலானது. சிகிச்சை, முதலீடு, திருமணம் ஆகிய முடிவுகளை இதை மட்டும் வைத்து எடுக்க வேண்டாம்' என்று சேர்க்கலாம்.

எங்கே, எவ்வளவு நேரம்?

காணொலிக்குக் கீழே உள்ள விளக்கப் பகுதியைத் திறந்து படிக்காதவர்களுக்கு, அங்கு மட்டும் எழுதப்பட்ட வாசகம் சென்று சேராது. கூற்று குரலில் வந்தால், வாசகத்தையும் அதே வேகத்தில் குரலில் சொல்வது நல்லது. எழுத்தாகக் காட்டும்போது, இயல்பான வேகத்தில் இருமுறை வாசித்து முடிக்கும் வரை திரையில் நிறுத்த வேண்டும். சிறு கைப்பேசியில் கையெட்டும் தொலைவில் வைத்துப் படித்துப் பார்த்தால் எழுத்தின் அளவு போதுமா என்பது தெரிந்துவிடும். நீண்ட காணொலியில் தொடக்கத்திலும், குறிப்பிட்ட கூற்று வரும் இடத்திலும் அதைக் காட்டலாம்.

வாசகம் தெளிவாக உள்ளதா என்று அறிய, காணொலியைத் தயாரிக்காத ஒருவரிடம் அதைக் காட்டி, 'இதைப் பார்த்தபின் எதைச் செய்யக் கூடாது?' என்று கேட்கலாம். அவரால் பதில் கூற இயலாவிட்டால் வாசகத்தை மாற்றி எழுத வேண்டும்.

வாசகம் காப்பாற்றாத இடம்

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம், சர்க்கரை நோய், புற்றுநோய் உள்ளிட்ட பட்டியலிட்ட நோய்களை மருந்து குணப்படுத்தும் என விளம்பரம் செய்யத் தடை விதிக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீரும் என்று பொய்யாக விளம்பரப்படுத்துவதும் அதன் வரம்புக்குள் வரும். பரிகாரம் செய்தால் புற்றுநோய் நீங்கும் என்று கூறித் தாயத்து விற்கும் காணொலியை எந்தப் பொறுப்புத் துறப்பும் சரிசெய்யாது. அந்தக் கூற்றை நீக்குவதே ஒரே வழி.