இழுவிசைச் சோதனை அறிக்கையில் அலகு மாற்றச் சரிபார்ப்பு

ஒரே அளவீட்டை இருவேறு அலகுகளில் தரும் ஆய்வக அறிக்கையில், அந்த இரண்டு எண்களும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றனவா என்று பார்ப்பதே அலகு மாற்றச் சரிபார்ப்பு. எஃகின் இழுவிசைச் சோதனையில் இதற்கு அடிக்கடி தேவை எழுகிறது. அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வெளியிடும் பல தரநிலைகள் அங்குலம், பவுண்ட் அலகுகளையும் மெட்ரிக் அலகுகளையும் அருகருகே வைத்திருக்கின்றன. அவற்றின்படி சோதிக்கும் ஆய்வகம், அது எந்த நாட்டில் இருந்தாலும், பல நேரங்களில் இரண்டு மொழி பேசும் அறிக்கையை எழுத நேர்கிறது.

சோதனை எளியது. எஃகிலிருந்து உருளை வடிவ மாதிரித்துண்டு ஒன்றைக் கடைந்தெடுத்து, இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுக்கிறார்கள். துண்டு நிரந்தரமாக நீளத் தொடங்கும் சுமையை அதன் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் ஈல்டு வலிமை கிடைக்கும். தாங்கிய உச்சச் சுமையை அதே பரப்பால் வகுத்தால் இழுவலிமை. ஆக, இயந்திரம் தருவது சுமையை மட்டுமே. வலிமை என்பது கணக்கில் பிறக்கும் எண். அந்தக் கணக்கில்தான் அலகுகள் கலக்கின்றன.

மாற்றக் காரணிகளில் ஐயத்துக்கு இடமில்லை. 1959-இல் ஆங்கில அலகுகளைப் பயன்படுத்திய நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஓர் அங்குலம் மிகச்சரியாக 25.4 மில்லிமீட்டர், ஒரு பவுண்ட் மிகச்சரியாக 0.45359237 கிலோகிராம். இவற்றிலிருந்து ஒரு பவுண்ட் விசை 4.448 நியூட்டன் என்றும், ஒரு கே.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்ட் விசை) 6.895 மெகாபாஸ்கல் என்றும் வருகிறது. காரணி தவறிப்போய் அறிக்கை கெடுவது குறைவு. எந்த எண்ணின்மேல் காரணியைப் போட்டார்கள் என்பதில்தான் பெரும்பாலான பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு அறிக்கையைப் பார்க்கலாம். எஃகு வகை ஏ36. குறைந்தபட்ச ஈல்டு வலிமை 36 கே.எஸ்.ஐ. அல்லது 250 மெகாபாஸ்கல். மாதிரியின் விட்டம் 0.500 அங்குலம் (12.5 மி.மீ.). ஈல்டு சுமை 7,000 பவுண்ட் விசை, உச்சச் சுமை 14,000 பவுண்ட் விசை. முடிவுகள்: ஈல்டு வலிமை 35.7 கே.எஸ்.ஐ., 254 மெகாபாஸ்கல், இழுவலிமை 71.3 கே.எஸ்.ஐ., 507 மெகாபாஸ்கல். மெட்ரிக் பத்தியை மட்டும் படிப்பவர் ஈல்டு 250-ஐத் தாண்டிவிட்டது என்று எஃகை ஏற்றுக்கொள்வார். பக்கத்துப் பத்தியோ 36-ஐத் தொடவில்லை.

சரிபார்ப்பவர் முதலில் செய்யவேண்டியது ஒரு வகுத்தல். 254-ஐ 35.7-ஆல் வகுத்தால் 7.11 வருகிறது, வரவேண்டியது 6.895. 507-ஐ 71.3-ஆல் வகுத்தாலும் அதே 7.11. இரண்டு வரிகளிலும் ஒரே விகிதம் விலகியிருப்பதால் இது தட்டச்சுப் பிழை அல்ல; இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று தவறியிருக்கிறது. விலகல் எவ்வளவு? 7.11-ஐ 6.895-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.03. இனி இந்த மூன்று சதவீதம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும்.

விடை விட்டத்தில் இருக்கிறது. 0.500 அங்குலம் என்பது 12.7 மி.மீ., 12.5 அல்ல. தரநிலைப் படங்களில் 0.500 அங்குல மாதிரிக்கு இணையான மெட்ரிக் மாதிரியாக 12.5 மி.மீ. குறிக்கப்பட்டிருக்கும். அது வசதிக்காக முழுமையாக்கிய இன்னொரு மாதிரியின் அளவே தவிர, அதே துண்டின் மாற்றிய அளவு அல்ல. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததால் 12.7-க்கும் 12.5-க்கும் உள்ள 1.6 சதவீத வேறுபாடு இரட்டிப்பாகி 3.2 சதவீதமாகிறது. சுமை 31,138 நியூட்டன். உண்மைப் பரப்பான 126.7 சதுர மி.மீ.-ஆல் வகுத்தால் 246 மெகாபாஸ்கல். அறிக்கை எழுதியவர் 122.7-ஆல் வகுத்து 254 என்று எழுதிவிட்டார். எஃகு தேறவில்லை என்பதே சரியான முடிவு. அதையும்கூட மைக்ரோமீட்டரில் அளந்த விட்டத்தை வைத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். வரைபடத்தில் உள்ள பெயரளவு விட்டம் போதாது.

இப்படி ஒவ்வொரு பிழையும் தனக்கென ஒரு விகிதத்தை விட்டுச் செல்கிறது. விட்டத்தை ஆரமாக எடுத்துக்கொண்டால் நான்கு மடங்கு விலகும். பழைய இயந்திரங்களின் கிலோகிராம் விசையை நியூட்டன் என்று படித்தால் விலகல் 9.81 மடங்கு. சதுர அங்குலத்தைச் சதுர மி.மீ. ஆக்க 645.16-க்குப் பதில் 25.4-ஆல் பெருக்கினால் விலகல் 25.4 மடங்கு. பெரிய விலகல்களை அனுபவமுள்ள கண் உடனே பிடித்துவிடும். இரண்டு, மூன்று சதவீத விலகல்களே ஆபத்தானவை. அவை எஃகின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துகொள்கின்றன.

விகிதம் எப்போதும் காரணத்தைச் சொல்லிவிடாது. 0.505 அங்குல விட்டமுள்ள மாதிரி ஒன்று உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர அங்குலம் என்பதால், சுமையை ஐந்தால் பெருக்கினாலே தகைவு கிடைத்துவிடும். அந்த விட்டத்தை 0.500 என்று எடுத்துக்கொண்டால் விடை இரண்டு சதவீதம் கூடும். கிலோகிராம் விசையை 9.807-க்குப் பதில் 10-ஆல் பெருக்கினாலும் அதே இரண்டு சதவீதம், அதே திசையில். எது நடந்தது என்று அறிய, இயந்திரம் பதிந்த மூலச் சுமையையும் அளந்த விட்டத்தையும் கேட்டு வாங்குவதைத் தவிர வழியில்லை. முடிவை மட்டும் அச்சிட்டு மூல அளவுகளை விட்டுவிடும் அறிக்கையை முழுமையாகச் சரிபார்க்கவே முடியாது.

மாற்றம் சரியாக இருந்தும் முடிவு மாறும் இடமும் உண்டு. 36 கே.எஸ்.ஐ.-யைத் துல்லியமாக மாற்றினால் 248.2 மெகாபாஸ்கல்தான், தரநிலை அதை 250 என்று முழுமையாக்கியிருக்கிறது. 249 மெகாபாஸ்கல் வலிமையுள்ள எஃகு ஒரு முறையில் தேறும், மறுமுறையில் தேறாது. இரண்டு அளவுத் தொகுதிகளும் துல்லியமாக இணையானவை அல்ல, ஒவ்வொன்றையும் தனித்தே பயன்படுத்த வேண்டும் என்று ஏ.எஸ்.டி.எம். வலியுறுத்துவது இதனால்தான். எனவே கொள்முதல் ஆணை எந்தத் தொகுதியைக் கேட்கிறது என்பதை முதலில் பார்த்து, அந்தப் பத்தியை வைத்தே தீர்ப்பு எழுத வேண்டும். இரண்டில் சாதகமானதைத் தேர்ந்துகொள்வது முறையல்ல.

வெப்பநிலையில் வேறொரு வழுக்கல். தாக்குச் சோதனையில் வெப்பநிலை ±2 ஃபாரன்ஹீட் பாகைக்குள் இருக்க வேண்டும் என்றால், அது ஏறத்தாழ ±1 செல்சியஸ். இடைவெளியை மாற்றும்போது 32-ஐக் கழிக்கக் கூடாது, 1.8-ஆல் வகுத்தால் போதும். சூத்திரத்தை அப்படியே போட்டால் 2 என்பது −16.7 ஆகிவிடும்.

நீட்சி சதவீதத்துக்கு அலகே இல்லாததால் பலரும் அதைச் சரிபார்க்காமல் கடந்துவிடுகிறார்கள். அறும் இடத்தில் துண்டு கழுத்துபோல் ஒடுங்கி, நீட்சியின் பெரும்பகுதி அங்கேயே குவிகிறது. ஆகவே குறித்த நீளம் குறையக் குறையச் சதவீதம் கூடும். அங்குல மாதிரியில் 0.500 அங்குல விட்டத்துக்கு 2 அங்குல நீளம், அதாவது விட்டத்தைப்போல் நான்கு மடங்கு, ஐ.எஸ்.ஓ. முறையின் உருளை மாதிரியிலோ ஐந்து மடங்கு. முதலாவதில் கிடைத்த 25 சதவீதத்தை இரண்டாவதின் வரம்போடு நேராக ஒப்பிட முடியாது. கார்பன் எஃகுகளுக்கும் தாழ் கலப்பு எஃகுகளுக்கும் இந்த மாற்றத்தைச் செய்ய ஐ.எஸ்.ஓ. 2566-1 என்ற தனித் தரநிலையே இருக்கிறது. குறித்த நீளத்தை எழுதாத நீட்சி எண்ணை, சரிபார்ப்பவர் ஆய்வகத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.